தினம் அரை மணி நேரம்: உங்கள் கிட்டார் பயிற்சிக்கான வார அட்டவணை

"வயசு 43 ஆகிவிட்டது, ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது. இதை வைத்துக்கொண்டு என்ன கற்க முடியும்?" என்று போன வகுப்பில் கேட்டீர்கள். நிறையவே முடியும். ஆனால் கிட்டாரை மடியில் வைத்த பிறகு இன்றைக்கு எதை வாசிக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால் அதிலேயே பத்து நிமிடம் போய்விடும். அடுத்த நான்கு வாரத்துக்கு அந்த யோசனையை என்னிடம் விட்டுவிடுங்கள்.

பையன் தூங்கியதும் ஒன்பதரையிலிருந்து பத்து மணி வரை என்று சொன்னீர்கள், அதையே வைத்துக்கொள்வோம். கிட்டார் உறைக்குள் இருக்க வேண்டாம், கண்ணில் படும்படி ஸ்டாண்டில் நிற்கட்டும். பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வேண்டும்.

எல்லா நாளும் முதல் 5 நிமிடம்

ட்யூன் செய்யுங்கள். பிறகு மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரமாக, ஒவ்வொரு கம்பியிலும் முதல் நான்கு ஃபிரெட்டை நான்கு விரலால் வரிசையாக வாசியுங்கள். வேகம் கூட்ட வேண்டாம். விரல் ஃபிரெட் கம்பியை ஒட்டிப் பின்னால் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கே விழுந்தால் பாதி அழுத்தமே போதும்.

திங்கள், புதன், வெள்ளி: கார்டு மாற்றம்

வாரத்தின் முக்கியமான வேலை இதுதான். உங்கள் பாட்டு எங்கே நின்றுபோகிறது என்று கவனித்தேன்: சி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது எல்லா விரலையும் தூக்கிவிட்டு, ஒவ்வொன்றாக இடம் தேடுகிறீர்கள். அந்த இரண்டு வினாடியைச் சரி செய்தால் பாட்டே சரியாகிவிடும்.

ஜி-யை இனி மோதிர விரல், நடுவிரல், சுண்டு விரல் வைத்துப் பிடியுங்கள். சி-யில் மோதிர விரல் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கிறது, நடுவிரல் நான்காம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில். ஜி-க்கு இரண்டும் அதே ஃபிரெட்டில், அப்படியே ஜோடியாக ஒரு கம்பி மேலே ஏறினால் போதும். ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டு, சுண்டு விரலை முதல் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் வையுங்கள். முதல் வாரம் சுண்டு விரல் முரண்டு பிடிக்கும், பரவாயில்லை.

பத்து நிமிடம் இதை மெதுவாக, ஒலி இல்லாமல்கூடச் செய்யலாம். பிறகு ஒரு நிமிடம் டைமர் வைத்து எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். வகுப்பில் எண்ணியபோது 14 வந்தது. எண் குறைந்த நாளிலும் எழுதுங்கள். கரகரவென்று ஒலித்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடுத்த பத்து நிமிடம் இதேபோல் ஜி-டி. மீதி நேரம் உங்கள் இஷ்டம்.

செவ்வாய், வியாழன்: வலது கை

இடது கையால் கம்பிகளை லேசாகத் தொட்டு ஒலியை அடக்கிவிட்டு, பதினைந்து நிமிடம் ஸ்ட்ரம்மிங் மட்டும். கம்பியில் படாத தட்டிலும் கை மேலும் கீழும் ஊசல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், கை நின்றால் தாளம் போச்சு. மீதி பத்து நிமிடம் அதே தாளத்தை ஈ மைனரில் வாசியுங்கள். அந்தக் கார்டுக்கு இரண்டே விரல் என்பதால் கவனம் வலது கையிலேயே இருக்கும்.

சனி: பாட்டு

முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். அது உங்களுக்கு நன்றாகவே வருகிறது. தடுக்குகிற மூன்றாம் வரியைப் பதினைந்து நிமிடம் வாசித்துவிட்டு, அப்புறம் முழுப் பாட்டையும் ஒரே ஒரு முறை, தப்பு வந்தாலும் நிறுத்தாமல். அதை போனில் பதிவு செய்து வையுங்கள்.

ஞாயிறு

விடுமுறை. ஆசைப்பட்டால் எதையாவது வாசியுங்கள், நோட்டு வேண்டாம்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். விரல் நுனி தாங்காது, அடுத்த இரண்டு நாளும் சேர்ந்து போய்விடும். பத்து நிமிடம்தான் இருக்கிறதா? சரி, சி-ஜி மாற்றம் மட்டும் போதும். விரல் நுனி எரிவது சகஜம், தோல் தடித்ததும் அடங்கிவிடும். மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் மட்டும் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள். பிடிக்கிற விதத்தை நேரில் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

எஃப் கார்டு எப்போது என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். நான்காவது வாரம் நோட்டைக் கொண்டு வாருங்கள், சி-ஜி எண்ணைப் பார்த்துவிட்டுத் தொடங்குவோம்.