பிப்ரவரி 7, சனி மாலை 5:30: தருமபுரியில் ஔவையார் பாடல்கள் கச்சேரி

வணக்கம். படமாக வந்த அழைப்பிதழில் உள்ள விவரங்களை ஃபோனில் படிக்க வசதியாக எழுத்தாகவே அனுப்புகிறேன். இதையே மற்றவர்களுக்கும் ஃபார்வர்டு செய்யுங்கள்.

*எப்போது, எங்கே*
2026 பிப்ரவரி 7, சனிக்கிழமை. மாலை 5:30க்குத் தொடங்கி 8 மணிக்குள் முடியும். கதவு 5 மணிக்குத் திறக்கும்.
இடம்: குமாரசாமிப்பேட்டையில் எங்கள் பாட்டு வகுப்பு நடக்கும் ஹால், தரைத்தளம். லொக்கேஷன் அடுத்த மெசேஜில் வருகிறது.

*டிக்கெட்*
ஒருவருக்கு ரூ.150. கல்லூரி, பள்ளி மாணவர்களுக்கு ரூ.50. பத்து வயதுக்குக் கீழ் இலவசம்.
இதே எண்ணுக்கு ஜிபே செய்துவிட்டு, எத்தனை பேர் என்று ஒரு வரி அனுப்புங்கள். உங்கள் பெயரைக் குறித்துக்கொண்டு பதில் அனுப்புவேன். அந்தப் பதில்தான் டிக்கெட், வாசலில் காட்டினால் போதும். மொத்தம் 120 இருக்கைகள்.

*யார் யார்*
பாட்டு நான். வயலின் என் தங்கை. மிருதங்கம் ஓசூரிலிருந்து வரும் நண்பர். கஞ்சிரா வாசிப்பவன் என் மாணவன், அவனுக்கு இது முதல் மேடை. சீக்கிரமே வந்து அவனுக்காகவும் கைதட்டுங்கள்.

*என்ன பாடுகிறோம்*
தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள். தகடூர் என்பது நம் தருமபுரியின் பழைய பெயர். நெல்லிக்கனி தந்ததற்கு வாழ்த்தும் 91ஆம் பாட்டில் தொடங்குகிறோம். எத்தனை நாள் போனாலும் முதல் நாள் போலவே அன்பு காட்டுவான் என்னும் 101 அதற்குப் பின். கடைசியில் 235, அவன் இறந்தபின் பாடியது. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான் என்று அழுகிறார் ஔவை. இதை முகாரியில் மெட்டமைத்திருக்கிறேன். பழைய தமிழ் புரியாதே என்று தயங்க வேண்டாம், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு பொருளைச் சொல்லிவிட்டுத்தான் பாடுவோம்.

*வந்து சேர*
பஸ் ஸ்டாண்டிலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ ஆட்டோவில் குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் என்று சொல்லி இறங்குங்கள். அங்கிருந்து வழி காட்ட நம் மாணவர்கள் நிற்பார்கள். தெரு குறுகல், கார் உள்ளே திரும்பாது. காரில் வருபவர்கள் மெயின் ரோட்டிலேயே இறங்கிக்கொள்வது நல்லது. பைக்குகளை ஹாலின் பக்கவாட்டில் நிறுத்தலாம்.

முன்வாசலில் மூன்று படிகள். சக்கர நாற்காலியில் வருபவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் இடது பக்கச் சரிவுப் பாதையில் வரலாம், அந்தக் கதவு 4:45க்கே திறந்திருக்கும். முன்னால் பாய், பின்னால் நாற்காலி. நாற்காலி கட்டாயம் வேண்டும் என்றால் பணம் அனுப்பும்போதே சொல்லுங்கள், ஒதுக்கி வைக்கிறோம். கழிப்பறை ஹாலுக்குள்ளேயே, படி ஏறாமல் போகலாம்.

முன்பதிவு சனி மதியம் 12 மணி வரை. அப்புறம் மீதி இருக்கும் இடங்களை வாசலில் ரொக்கத்துக்குக் கொடுப்போம். சில்லறையாகக் கொண்டு வாருங்கள்.