பிளட் கல்ச்சர் எடுக்கதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிட்டுப் போங்க

மெடிக்கல் வார்டு, கேஷுவால்டி சிஸ்டர்ஸுக்கு. மெடிசின் டிராலி பக்கத்துல ஒட்டியிருக்கு, யாரும் கிழிச்சிராதீங்க.

லேப்ல இருந்து கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃபைலோகாக்கஸ், டிஃப்தெராய்ட்ஸ்னு ரிப்போர்ட் அடிக்கடி வருது, அதும் நாலு பாட்டில்ல ஒண்ணுல மட்டும். அது பெரும்பாலும் ரத்தத்துல உள்ள கிருமி இல்ல, தோல்ல இருந்தது ஊசியோட உள்ள போனது. அத நம்பி வேங்கோமைசின் ஓடுச்சின்னா கிட்னிக்கும் கேடு, அம்பாசமுத்திரத்துல இருந்து பஸ் ஏறி வந்த வீட்டாளுக்கு பெட் சார்ஜும் ஏறும். கன்டாமினேஷன் 3 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும்கதுதான் பொதுவா லேப்ல வச்சிருக்க அளவு.

எப்போ எடுக்கணும்
ஆன்டிபயாட்டிக் முதல் டோஸுக்கு முன்னாடி. காய்ச்சல் உச்சிக்கு ஏறட்டும்னு காத்துக்கிட்டு இருக்காண்டாம். பெரியவங்களுக்கு ரெண்டு செட், ரெண்டு வேற வேற இடத்துல குத்தி எடுக்கணும், ஒரே குத்துல எடுத்து நாலு பாட்டில்ல பிரிச்சு ஊத்துனா அது ஒரு செட்டுதான். பேஷன்ட் ஷாக்ல இருந்து வெயினே கிடைக்கலன்னா கல்ச்சருக்காக மருந்த தள்ளிப்போடாதீங்க, டாக்டர்ட்ட சொல்லிருங்க.

தோல்
நமக்கு வாரவங்க பாதிப்பேர் வயக்காட்டுல இருந்து நேரா வாராங்க, கையில சேறு, வேர்வை, தைலம் எல்லாம் இருக்கும், அதுக்கு மேலேயே ஸ்பிரிட்ட தேச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல, முதல்ல சோப்பு தண்ணி போட்டு கழுவி தொடச்சிருங்க. டூர்னிக்கே கட்டி வெயின தடவிப் பாத்து எங்க குத்தணும்னு முடிவு பண்ணிட்டு, கை சுத்தம் பண்ணிட்டு, அப்புறமா 70 சதவீத ஆல்கஹால்ல உள்ள 2 சதவீத குளோர்ஹெக்ஸிடின வச்சு 30 செகண்ட் முன்னும் பின்னும் அழுத்தித் தேய்ங்க. பிறகு தானா காயணும், அதுக்கும் 30 செகண்டாவது ஆகும். ஊதக்கூடாது, விசிறக்கூடாது, காட்டன வச்சு ஒத்தி எடுக்கவும் கூடாது. சாய்ச்சுப் பாத்தா தோல் பளபளன்னு மின்னுச்சின்னா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். குளோர்ஹெக்ஸிடின் ஒத்துக்காதவங்களுக்கு போவிடோன் அயோடின் போடலாம், ஆனா அதுக்கு ரெண்டு நிமிஷமாவது விடணும், பச்சப்பிள்ளைகளுக்கு என்ன போடணும்னு குழந்தைகள் டாக்டர்ட்ட கேட்டுக்கிடுங்க.

எல்லாத்தையும் சரியா பண்ணிட்டு கடைசில குத்துறதுக்கு முன்னால ஆள்காட்டி விரலால வெயின ஒரு தடவ தொட்டுப் பாப்போமே, அங்கதான் எல்லாம் போச்சு! கிளவுஸ் போட்டிருந்தாலும் அது ஸ்டெரைல் கிளவுஸ் இல்ல. தொட்டுட்டீங்கன்னா மறுபடியும் முதல்ல இருந்து தேய்ங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

பாட்டில்
தேதி பாருங்க, உள்ள கலங்கியிருந்தா வேண்டாம். மூடிய கழட்டுனதும் ரப்பர் ஸ்டெரைல்னு நெனைக்காண்டாம், ஒவ்வொண்ணையும் ஆல்கஹால் ஸ்வாப் வச்சு துடச்சு காயவிடுங்க, அதுல அயோடின் போடாதீங்க, ரப்பர் கெட்டுப்போகும். பாட்டில் லேபிள்ல இப்போ இருக்க தண்ணி மட்டத்துல இருந்து 10 எம்எல் மேல பேனாவால ஒரு கோடு போட்டுக்கிடுங்க, வேக்யூம் இழுத்துக்கிட்டே போகும், நாமதான் நிறுத்தணும்.

எது முதல்ல
பட்டர்ஃபிளைல எடுத்தா ஏரோபிக் முதல்ல, ஏன்னா டியூப்ல உள்ள காத்து முதல் பாட்டிலுக்குத்தான் போகும், அனேரோபிக்குக்கு காத்து ஆகாது. சிரிஞ்சுல எடுத்தா அனேரோபிக் முதல்ல, சிரிஞ்சுல மிச்சம் இருக்க காத்து கடைசில ஏரோபிக்குக்கு போனா பரவால்ல. ஆனா ரத்தம் கம்மியா வந்துச்சுன்னா ரெண்டையும் மறந்துருங்க, ஏரோபிக் பாட்டில நெறச்சிட்டு மிச்சத்த அனேரோபிக்குல விடுங்க.

பெரியவங்களுக்கு பாட்டிலுக்கு 8 முதல் 10 எம்எல், 3 எம்எல் எடுத்துட்டு கல்ச்சர் நெகட்டிவ்னு சொல்லதுல அர்த்தமே இல்ல. குழந்தைகளுக்கு பீடியாட்ரிக் பாட்டில் தனி, எடைக்குத் தக்க அளவ டாக்டர் சொல்லுவாங்க. சிபிசி, ரீனல் பாட்டில் எல்லாம் கல்ச்சருக்குப் பிறகுதான். பிளஞ்சர அழுத்தாதீங்க, அதுவா இழுத்துக்கிடும். இடையில ஊசி மாத்தவும் வேண்டாம், நம்ம விரல்ல குத்திக்கிடும். பாட்டில் கைக்குக் கீழ நேரா நிக்கணும், இல்லாட்டி திரும்ப ஏறிரும். முடிஞ்சதும் மெதுவா கவுத்து நிமித்தி கலக்குங்க, குலுக்காதீங்க.

கேனுலாவுல இருந்து
ஏற்கெனவே போட்டிருக்க கேனுலாவுல இருந்து எடுக்கவே கூடாது, வலிக்குமேன்னு பாவம் பாத்தாலும் சரி. சென்ட்ரல் லைன்ல இன்ஃபெக்‌ஷன் சந்தேகம்னு டாக்டர் எழுதுனா மட்டும் லைன்ல ஒண்ணு, வெளி வெயின்ல ஒண்ணுன்னு ஒரே நேரத்துல, ரெண்டுலயும் ஒரே அளவு.

லேபிள், அனுப்புறது
பேஷன்ட் பக்கத்துல நின்னே ஒட்டுங்க, பார்கோட மறைக்காம. பேரு, ஐபி நம்பர், எடுத்த நேரம், வலது கையா இடது கையா, என்ன ஆன்டிபயாட்டிக் ஓடுதுன்னு எழுதணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்புக்கு போகணும், நைட்ல அட்டெண்டர் வரலன்னா வெளிய மேசையிலேயே இருக்கட்டும், ஃபிரிட்ஜ்ல மட்டும் வச்சிராதீங்க, சில கிருமி அந்தக் குளிர்ல செத்துரும். ரெண்டு தடவ குத்தியும் வரலன்னா டூட்டி டாக்டர கூப்பிடுங்க, ஒவ்வொரு குத்துக்கும் புது ஊசி, தோலையும் புதுசா தேய்க்கணும்.