ஓவர்லாக் டெய்லர் இருவர், செக்கிங்கிற்கு ஒருவர் தேவை: கிளம்பி வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் யூனிட்டில் காலியாக இருக்கும் ஓவர்லாக் மெஷினில் சென்ற ஆண்டு தீபாவளி சீசனில் வேலைக்குச் சேர்ந்த பெண், ஒன்பதாம் நாள் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "ராத்திரி ஒன்பது வரைக்கும் ஆகும்னு முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா நான் வந்திருக்கவே மாட்டேனுங்க அக்கா" என்றார். அந்த முறை நான் போட்ட விளம்பரத்தில் "நல்ல சம்பளம், குடும்பம் போன்ற சூழல்" என்ற இரண்டே செய்திகள்தான் இருந்தன. அவர் வேறு யூனிட்டில் உறுதியாகக் கிடைத்த வேலையை விட்டுவிட்டு வந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆகவே இம்முறை எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஒன்பது ஆண்டுகள் செக்கிங் மேசையில் நின்று வேலை பார்த்த நான், 2018இல் இரண்டு வாடகை மெஷின்களுடன் தொடங்கிய குழந்தைகள் ஆடை யூனிட் இது. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில், முதல் மாடியில், இன்று பதினான்கு மெஷின்களுடனும் பதினேழு பேருடனும் இயங்குகிறது. லிஃப்ட் கிடையாது. கூரை சிமெண்ட் அட்டை என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் உள்ளே கடுமையாகக் காந்தும். மின்விசிறிகள் இருக்கின்றன, ஆனால் அவை சுழற்றுவதும் அந்தச் சூட்டைத்தான். குளிர்கால ஆர்டருக்கான துணி ஓடும்போது பஞ்சுத் தூசி அதிகமாகப் பறக்கும். முகக்கவசம் தருகிறோம் என்றாலும், வீசிங் தொந்தரவு உள்ளவர்கள் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். சாப்பாட்டிற்கு அரை மணி நேரமும், டீக்கு இரண்டு முறை கால் மணி நேரமும் உண்டு. ஓவர்லாக் டெய்லருக்கு ஷிப்டுக்கு 640 ரூபாய், செக்கிங்கிற்கு 520 ரூபாய். ஆறு நாள் வந்த டெய்லருக்கு 3,840 ரூபாய் ஆகும். அதில் பிஎஃப் 12 சதவீதமும் இஎஸ்ஐ 0.75 சதவீதமும் பிடித்தம் போக, சனிக்கிழமை மாலை கையில் கிடைப்பது ஏறத்தாழ 3,350 ரூபாய். இந்தக் கடைசித் தொகையைச் சொல்லாமல் முதல் தொகையை மட்டும் சொல்லி ஆள் எடுப்பது எங்கள் ஊரில் சகஜம் என்பதால்தான் இதைத் தனியே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வாரத்தில் இரண்டு நாள் இரவு ஏழரை வரை ஓவர்டைம் இருக்கும். முந்தைய நாளே சொல்லிவிடுவோம். கூலி இரட்டிப்பு, அதாவது டெய்லருக்கு அந்த இரண்டு மணி நேரத்திற்கு 320 ரூபாய். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர் வர இயலாது என்றால் அதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இதற்கு நேர்மாறாக, தீபாவளி முடிந்த கையோடு ஆர்டர் வற்றிவிடும். அப்போது சில வாரங்கள் நான்கு நாள்தான் மெஷின் ஓடும். அதற்கும் குறைவாக ஓடினாலும் நான்கு ஷிப்ட் கூலியைத் தந்துவிடுகிறோம், அதற்கு மேல் கொடுக்க இப்போது என்னால் முடியவில்லை. மாதாமாதம் ஒரே தொகை வந்தாக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் ஆடை என்பதால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஊசி உடைந்தால் உடனே மெஷினை நிறுத்தி, உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, பதிவேட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி மாட்ட வேண்டும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டு முழுவதும் தனியே ஒதுக்கப்படும். அரை மணி நேரம் தேட நேர்ந்தாலும் கூலியில் பிடிக்க மாட்டோம், மறைத்தால்தான் பிரச்சினை.

தங்கும் இடமும் வேன் வசதியும் எங்களிடம் இல்லை. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் வழக்கமும் இல்லை. ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் மூவருக்கும் இதே கூலிதான்.

பதினெட்டு வயது நிறைந்தவர்கள், ஆண் பெண் யாராயினும், இந்தக் கணக்கிற்கு மெசேஜ் அனுப்புங்கள். எந்த மெஷினில் எத்தனை ஆண்டு ஓட்டியிருக்கிறீர்கள், எந்த ஊரிலிருந்து வருவீர்கள் என்ற இரண்டு தகவல் போதும். வியாழக்கிழமை ஒரு ஷிப்ட் தைத்துப் பாருங்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அன்றைய கூலியை மாலையே தந்துவிடுவோம். ஆதார் நகல் மட்டும் கொண்டுவாருங்கள், அசல் சான்றிதழ் எதையும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் எதிரில் இருக்க மாட்டேன். ஏற்கெனவே வேலை செய்பவர்களிடம் என்ன கேட்க வேண்டுமோ அப்போது கேட்டுக்கொள்ளலாம்.