விமானிப் பயிற்சிக்கான விண்ணப்ப உரை

தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

நான் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவன், வயது 23. அம்மா பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தார். மூன்று ஆண்டுகளாகச் செம்பனை எண்ணெய் ஆலையொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன்.

சென்ற ஆண்டு ஓர் இரவு ஷிப்டில், சுவிட்சுக்குப் பூட்டுப் போடாமலேயே கன்வேயருக்குள் கையை விட்டேன். இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கும் அவசரம். அடிபடவில்லை, ஆனால் தவறு என்னுடையது. யாரும் பார்க்கவில்லை என்றாலும் மறுநாள் காலை மேற்பார்வையாளரிடம் நானே சொன்னேன். அன்றிலிருந்து மனப்பாடமான வேலையைக்கூடப் பட்டியலைப் பார்த்துத்தான் செய்கிறேன். விமான எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வடித்துப் பார்ப்பதும், மாலை இடிமேகம் திரண்டால் பாதியில் திரும்புவதும், தூக்கம் போதாத நாளில் "இன்று பறக்க மாட்டேன்" என்பதும் எனக்கு ஒரே பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

வணிக விமானி உரிமத்துக்கு ஒருங்கிணைந்த பயிற்சியில் குறைந்தது 150 மணி நேரம் பறக்க வேண்டும். வானிலையால் பல நாள்கள் தரையிலேயே கழியும். உங்கள் கட்டணம் 360,000 ரிங்கிட். என் சேமிப்பு 41,000. மாமா நிலத்தை ஈடுவைக்கச் சம்மதித்திருக்கிறார். மீதிக்கு வங்கிக் கடன். மறுதேர்வு, கூடுதல் பறப்பு நேரத்துக்கென 30,000 தனியாகக் கணக்கிட்டுள்ளேன். ஜெட் விமான வகைப் பயிற்சிக்குச் செலவு வேறு, உரிமம் பெற்றதும் வேலை உறுதியில்லை என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டேன். கடன் எடுக்கும் முன்பே முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் பெற்றுவிட்டேன், நகலை இணைத்துள்ளேன்.