ஆவணி முதல் தை வரை மணப்பெண் மேக்கப் புக்கிங் ஆரம்பிச்சாச்சு! (மதுரை)

கல்யாணப் பொண்ணுங்களுக்கும், பட்டுக்கும் பத்திரிகைக்கும் நடுவுல ஓடிக்கிட்டிருக்கிற அம்மாக்களுக்கும் வணக்கம்! 💐

ஆடி பிறந்ததுமே ஆவணி முகூர்த்தத்துக்கு விசாரிக்க ஆரம்பிச்சிட்டீங்க. "அக்கா, பேக்கேஜ் என்ன? எவ்வளவு? எங்க ஊருக்கு வருவீங்களா?"னு எல்லாருமே கேக்குறதால, விவரம் மொத்தத்தையும் இங்கேயே எழுதிடறேன். வீட்டுல பெரியவங்களுக்கும் அப்படியே ஃபார்வர்டு பண்ணிக்கலாம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். "பொண்ணைக் கொஞ்சம் கலரா ஆக்கிவிடுங்க"னு கேட்டா நான் செய்ய மாட்டேன். உங்க நிறம் எதுவோ, அதுக்குத்தான் பேஸ் போடுவேன். ட்ரயல் அன்னிக்கு ஜன்னல் வெளிச்சத்துல உக்கார வச்சு, தாடை ஓரத்துல ரெண்டு மூணு ஷேடு தடவிப் பார்ப்பேன். எது கழுத்தோட கலந்து காணாமப் போகுதோ, அதுதான் உங்க ஷேடு. கழுத்து, காது, கை வரைக்கும் அதே டோன்ல போகும். முகம் மட்டும் வெளுத்து, வளையல் போட்ட கை வேற நிறமா இருந்தா, மாலை மாத்துற போட்டோவுல அதுதான் முதல்ல கண்ணுல படும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அரக்குப் பட்டும் கெம்பு நகையும் எவ்வளவு அழகா எடுத்துக் கொடுக்கும் தெரியுமா! அந்த அழகை மறைக்க எனக்கு மனசு வராது.

சரி, பேக்கேஜுக்கு வருவோம்.

🌼 முகூர்த்தம் மட்டும்: ₹14,000
ஹெச்.டி. மேக்கப், ஜடை அலங்காரம், புடவை கட்டுறது, நகை செட் பண்றது எல்லாம் இதுல அடக்கம். புடவையை ரெண்டு நாள் முன்னாடியே கொடுத்துட்டா, மடிப்பு எடுத்து அயர்ன் பண்ணி பெட்டியில வச்சுக் கொண்டு வந்துடுவோம். கூரைப் புடவை மாத்துற வழக்கம் இருக்கிற வீடுன்னா ரெண்டாவது புடவையும் நாங்களே கட்டிவிடுவோம், அதுக்குத் தனியா காசு இல்லை. மடிசாருக்கு எங்க டீம்ல பழகின அக்கா ஒருத்தர் இருக்காங்க. ஐயர் கட்டா, ஐயங்கார் கட்டான்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.

🌼 ரிசப்ஷன் + முகூர்த்தம்: ₹24,000
அதிகம் பேர் எடுக்கிறது இதைத்தான். முதல் நாள் சாயங்காலம் ஒரு லுக், மறுநாள் காலையில முழுக்க வேற லுக். ரிசப்ஷனுக்கு லெஹங்காவோ டிசைனர் புடவையோ, அதுக்கேத்த ஹேர் ஸ்டைல். ட்ரயல் மேக்கப் ஒண்ணு இதுல இலவசம்.

🌼 நிச்சயதார்த்தம் + ரிசப்ஷன் + முகூர்த்தம்: ₹33,000
மூணு லுக், ட்ரயல், கூடவே அம்மாவுக்கு முகூர்த்தத்து அன்னிக்கு மேக்கப். பொண்ணோட அம்மா எல்லா கல்யாணத்துலயும் கடைசி நிமிஷத்துல முகத்தைக் கழுவிட்டு மேடைக்கு ஓடுறாங்க. அவங்களுக்கும் அது வாழ்நாள் போட்டோதான். அதனால இதுல அவங்களைச் சேர்த்தே வச்சிருக்கேன்.

ஏர்பிரஷ் வேணும்னா ஒரு லுக்குக்கு ₹4,000 கூடும். கண்டிப்பா வேணுமான்னு கேட்டா, எல்லாருக்கும் வேண்டாம். ரொம்ப வேர்க்கிறவங்களுக்கும், ஏசி இல்லாத மண்டபத்துக்கும் சொல்வேன். வறண்ட சருமத்துக்கு ஹெச்.டி.யே நல்லா உக்காரும். ட்ரயல்ல பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.

அக்கா, தங்கச்சி, நாத்தனார்களுக்கு ஒருத்தருக்கு மேக்கப், ஹேர், புடவை சேர்த்து ₹2,500. புடவை மட்டும்னா ₹500. மாப்பிள்ளைக்கு லேசா டச்சப் ₹1,500.

நம்ம ஊர் முகூர்த்தத்துக்குன்னு சில விஷயங்கள் நாங்க கவனிச்சுச் செய்வோம். மாங்கல்ய முடிச்சு போடுற இடத்துல, அதாவது பின்கழுத்துல, பூவும் ஜடை வில்லையும் இடிக்காம மேல தூக்கித்தான் கட்டுவோம். நாத்தனார் மூணாவது முடிச்சு போடும்போது பூவை விலக்கத் தேட வேண்டியதில்லை. வகிட்டுல குங்குமம் வைக்கணும்ங்கிறதால நெத்திச்சுட்டியை ஒதுக்க முடியுற மாதிரிதான் பின் பண்ணுவோம். ஓமப் புகையில கண்ணு கலங்கும், தாரை வார்க்கிறப்போ அழுகையும் வரும், அதனால மையும் மஸ்காராவும் வாட்டர்ப்ரூஃப்தான். தாராளமா அழுங்க தங்கம், மெல்ல ஒத்தி எடுத்தாப் போதும்!

பூ விஷயம். மேக்கப் காசுல பூ சேராது. மல்லி விலை முகூர்த்த நாள்ல எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது, தை மாசம் பனியில வரத்து குறைஞ்சா இன்னும் ஏறும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல வாங்கிக் கொடுக்கச் சொன்னா, அன்னிக்கு விலைக்கே வாங்கித் தருவோம். ஜடைக்கு மொட்டா இருக்கிற மல்லிதான் நல்லது, மேடையில உக்காந்திருக்கும்போது விரியும், போட்டோவுக்கும் நிக்கும்.

நெத்திச்சுட்டி, சூரியப்பிறை சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம், வங்கின்னு முழு டெம்பிள் செட் வாடகைக்கு இருக்கு, ஒரு நாளைக்கு ₹3,500. பேக்கேஜ் எடுத்தவங்களுக்கு ₹2,500. கம்மல் மட்டும் வாடகைக்குக் கொடுக்கறதில்லை, உங்களோடதையே போட்டுக்கோங்க.

மெஹந்தி ரெண்டு கைக்கும் முழங்கை வரை ₹4,000. இயற்கையான கோன்தான். ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் நிறம் நல்லா ஏறும், அதனால ரிசப்ஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி வச்சுக்கலாம். உடனே கறுப்பாப் பிடிக்கிற கோன் எங்கேயும் வாங்காதீங்க. ஹேர் டையில போடுற கெமிக்கல் அதுல இருக்கலாம், சிலருக்குக் கொப்புளம் கட்டிடும்.

அதே மாதிரி, கடைசி வாரத்துல புதுசா எந்த ஃபேஷியலும், க்ரீமும் வேண்டாம்டா. த்ரெட்டிங் மூணு நாள் முன்னாடி முடிச்சிடுங்க. அலர்ஜி ஏதாவது இருந்தா மறைக்காம சொல்லுங்க. ட்ரயல்ல காதுக்குப் பின்னாடி தடவி, ஒரு நாள் விட்டுப் பார்த்துட்டுத்தான் ப்ராடக்ட் முடிவு பண்ணுவோம். இமை ஒட்டுற பசையில லேடெக்ஸ் இருக்கலாம்ங்கிறதால அதையும் தனியா டெஸ்ட் பண்ணுவோம்.

நேரம்: பொண்ணுக்கு மட்டும் ரெண்டரை மணி நேரம் வேணும். முகூர்த்தம் 6 – 7.30ன்னா அதிகாலை 3 மணிக்கு நாங்க மண்டபத்துல இருப்போம். நீங்க தலைக்குக் குளிச்சு, முடியை நல்லாக் காயவச்சு, ரெண்டு இட்லியாவது சாப்பிட்டு உக்காரணும். நல்ல வெளிச்சமும் ஃபேனும் உள்ள ரூம் ஒண்ணு ஒதுக்கச் சொல்லுங்க. முன்பக்கம் பட்டன் வச்ச சட்டை போட்டுக்கோங்க, தலை வழியாக் கழட்டினா ஜடை கலைஞ்சிடும்.

மதுரை மாநகருக்குள்ள பயணச் செலவு கிடையாது. திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர், காரைக்குடிக்கு வண்டி வாடகை மட்டும் தனி. ராமேஸ்வரம் மாதிரி தூரத்துக்கு, முதல் நாள் தங்க ஒரு ரூம் வேணும்.

புக் பண்ண: இந்தப் பக்கத்துல இருக்கிற வாட்ஸ்அப் பட்டனை அழுத்தி, கல்யாணத் தேதி, முகூர்த்த நேரம், மண்டபம், எந்த பேக்கேஜ் இந்த நாலையும் அனுப்புங்க. அன்னிக்கு நாங்க ஃப்ரீயான்னு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லிடுவோம். ₹5,000 அட்வான்ஸ் ஜி.பே.யில வந்ததும் தேதி உங்களுக்கு, ரசீதும் அனுப்புவோம். பாக்கியை ரிசப்ஷன் அன்னிக்குக் கொடுத்தாப் போதும், முகூர்த்தம் மட்டும்னா முதல் நாளே. தேதி மாறினா ஒரு தடவை அட்வான்ஸை அப்படியே புதுத் தேதிக்கு மாத்திக்கலாம், 30 நாள் முன்னாடி சொல்லணும். முழுசா கேன்சல்னா அட்வான்ஸ் திரும்பாது. அந்தத் தேதியை உங்களுக்காக மத்தவங்களுக்கு இல்லைன்னு சொல்லியிருப்போம், புரிஞ்சுக்கோங்க.

ஒரு முகூர்த்தத்துக்கு ஒரே பொண்ணுதான் எடுப்பேன். பாதி மேக்கப்ல அடுத்த மண்டபத்துக்கு ஓடுற பழக்கம் எனக்கு இல்லை.

போன்ல பேசணும்னா காலை 11 மணியிலிருந்து இரவு 8 வரை கூப்பிடுங்க. முகூர்த்த நாள்ல போன் எடுக்கலைன்னா மெசேஜ் போட்டு வைங்க, மேக்கப் முடிஞ்சதும் நானே கூப்பிடறேன். ட்ரயலுக்கு வரும்போது புடவை, ப்ளவுஸ், போடப்போற நகையோட போட்டோ மூணும் கொண்டு வாங்க, அம்மாவையும் கூட்டிட்டு வாங்க! 🌸