வாடகை உயர்வு குறித்த தங்கள் கடிதத்துக்குப் பதில்

அனுப்புநர்: முதல் மாடி வீட்டில் குடியிருப்பவர்
பெறுநர்: வீட்டின் உரிமையாளர்
நாள்: 2025 ஏப்ரல் 26
பொருள்: வாடகை ஒப்பந்தத்தின் 7-ஆம் ஷரத்து, வாடகை உயர்வு

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏப்ரல் 20 தேதியிட்ட தங்கள் கடிதம் 22-ஆம் தேதி கைக்கு வந்தது. உடனே போன் செய்து பேசியிருக்கலாம். ஆனால் கணக்கு வழக்கை வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு ஆளுக்கொரு விதமாக நினைவு வைத்துக்கொள்வோம் என்பதால், தாங்கள் எழுத்தில் கேட்டதற்கு எழுத்திலேயே பதில் சொல்கிறேன்.

வாடகையை உயர்த்தவே கூடாது என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. இரண்டு வருடமாக ஒரே வாடகையில் இருக்கிறோம். உயர்வு வரும் என்று நாங்களும் எதிர்பார்த்துத்தான் இருந்தோம். எவ்வளவு, எதன் மேல், எந்தத் தேதியிலிருந்து என்ற மூன்றில்தான் தங்கள் கடிதமும் நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் வேறுபடுகின்றன.

தங்கள் கடிதம் வந்த அன்று இரவே ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். 7-ஆம் ஷரத்து இப்படி இருக்கிறது: "ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வோர் ஆண்டு நிறைவிலும், அப்போது நடப்பிலுள்ள மாத வாடகையில் 5 சதவீதத்துக்கு மேற்படாமல் வாடகையை உயர்த்தலாம். உயர்த்துவதாயின், உரிமையாளர் குறைந்தது 30 நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்." இதில் "மேற்படாமல்" என்ற சொல் தட்டச்சில் இல்லை. கையெழுத்துப் போட உட்கார்ந்த அன்று தாங்களே நீல மையில் வரிக்கு மேலே எழுதிச் சேர்த்தீர்கள், ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் போட்டோம். தங்களிடம் இருக்கும் பிரதியிலும் அது இருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. தொகையாக எழுதுவதைவிட, இப்போதைய வாடகையை 100 என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் எளிது. பராமரிப்புக் கட்டணம் வாடகையில் பத்தில் ஒரு பங்கு, ஆக 10. மாதாமாதம் நாங்கள் தருவது 110. தாங்கள் இந்த 110-க்கு 10 சதவீதம் போட்டு 121 கேட்டிருக்கிறீர்கள். ஷரத்தோ வாடகையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பராமரிப்புக்கு 4-ஆம் ஷரத்து தனியாக இருக்கிறது, குடியிருப்போர் சங்கம் எவ்வளவு வைக்கிறதோ அவ்வளவு என்று. சங்கம் இந்த வருடம் கட்டணத்தை ஏற்றவில்லை. அதனால் அந்த 10 அப்படியே 10-தான். வாடகை மட்டும் 5 சதவீதம் உயர்ந்தால் 105, பராமரிப்போடு 115. 121-க்கும் 115-க்கும் மாதம் 6 தான் வித்தியாசம் என்று தோன்றும். வருடத்துக்கு 72 ஆகிறது, அதாவது முக்கால் மாத வாடகைக்குக் கொஞ்சம் குறைவு. எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

தங்கள் 10 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. சென்ற வருடம் விட்டுப்போன 5, இந்த வருடத்து 5. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சென்ற ஆண்டு ஜூனில் என் கணவருக்கு வேலை போயிருந்த நேரம். நாங்கள் வாய் திறந்து கேட்கக்கூட இல்லை. தாங்களே படியேறி வந்து, "இந்த வருஷம் ஏத்த வேண்டாம்மா, இருக்கிறபடியே குடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தண்ணீர் குடிக்கக்கூட உட்காரவில்லை. அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அந்த "பாத்துக்கலாம்" என்பதை நாம் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த வருட உயர்வைத் தாங்கள் விட்டுக்கொடுத்துவிட்டதாக நாங்கள் நினைத்தோம். தள்ளிவைத்ததாகத் தாங்கள் நினைத்திருக்கிறீர்கள். இதில் யார் மேலும் குற்றமில்லை, அன்றைக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே வேண்டியிருந்திருக்காது.

ஒப்பந்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், விட்டுப்போன உயர்வை அடுத்த வருடத்தோடு சேர்த்து வாங்கலாம் என்று எங்கும் இல்லை. "அப்போது நடப்பிலுள்ள மாத வாடகையில்" என்றுதான் இருக்கிறது. நடப்பிலுள்ளது 100, அதற்கு மேல் போகக்கூடிய உச்சம் 105. இதை மறைக்காமல் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்ற வருடமே உயர்த்தியிருந்தால் அப்போது 105 ஆகி, அதன் மேல் 5 சதவீதம் ஏறி இந்த ஜூனில் 110.25 ஆகியிருக்கும். வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டால் தாங்கள் கேட்ட 110 அதைவிடக் கால் குறைவுதான். இடையில் 12 மாதம், மாதத்துக்கு 5 வீதம் 60 தங்களுக்கு வராமல் போயிருக்கிறது. எங்களுக்கு நல்லது செய்யப்போய் தங்களுக்கு நட்டம் என்றால் அது எனக்கும் உறுத்துகிறது.

அதனால் நானும் என் கணவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். 2025 ஜூன் 1 முதல் ஷரத்துப்படி வாடகை 105. அப்புறம் டிசம்பர் 1 முதல், ஷரத்தில் இல்லாவிட்டாலும், சென்ற வருடத்தை மனதில் வைத்து 2.50 சேர்த்து 107.50. பராமரிப்பு எப்போதும்போல் தனியாக 10. ஆக ஜூன் முதல் நவம்பர் வரை மொத்தம் 115, டிசம்பரிலிருந்து மே முடிய 117.50. டிசம்பர் என்று சொல்வதற்குக் காரணம், என் கணவரின் புது வேலை அக்டோபரில்தான் நிரந்தரம் ஆகும். அதற்கு முன் வாக்குக் கொடுத்துவிட்டுத் தாமதமாகத் தருவதில் எனக்கு விருப்பமில்லை. கூடுதலாகத் தரும் இந்த 2.50 நாங்களாகத் தருவது, 7-ஆம் ஷரத்தை மாற்றாது என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதி இருவரும் ஒப்பமிட்டுக்கொள்ளலாம்.

தேதி பற்றி: தங்கள் கடிதத்தில் மே 1 முதல் என்று இருக்கிறது. ஒப்பந்தம் தொடங்கியது 2023 ஜூன் 1. ஆண்டு நிறைவு மே 31-இல்தான் வருகிறது. 30 நாள் முன்னறிவிப்பும் ஏப்ரல் 22-இலிருந்து எண்ணினால் மே 22. எப்படிப் பார்த்தாலும் மே மாதத்துக்குப் பழைய வாடகைதான், ஜூன் முதல் புதியது. ஜூனுக்குத் தங்கள் அறிவிப்பு சரியான நேரத்தில் வந்துவிட்டது, அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

அட்வான்ஸைக் கூட்டித் தரச் சொன்னது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒப்பந்தக் காலம் முடியும்வரை அதில் மாற்றமில்லை என்று 3-ஆம் ஷரத்து சொல்கிறது. 2026 மே 31-இல் புதுப்பிக்கும்போது பேசிக்கொள்ளலாம்.

புதுப்பிப்பது என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாங்கள் இன்னும் சில வருடங்கள் இந்த வீட்டிலேயே இருக்க விரும்புகிறோம். மறுபடியும் இதே குழப்பம் வேண்டாம் என்று, அடுத்த ஒப்பந்தத்துக்கு ஷரத்தை இப்படி மாற்றி எழுதிப் பார்த்தேன்:

"ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1 அன்று மாத வாடகை, பராமரிப்புக் கட்டணம் நீங்கலாக, 5 சதவீதம் உயரும். இந்த உயர்வு அதற்கு முந்தைய மே மாத வாடகையின் மேல் கணக்கிடப்படும். ஓர் ஆண்டின் உயர்வை உரிமையாளர் வாங்காமல் விட்டால் அது விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளப்படும். பின்னர் வாங்கும் எண்ணம் இருந்தால், அதை அப்போதே எழுத்தில் குறிப்பிட வேண்டும்."

இதில் "மேற்படாமல்" இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தெரிந்துதான் விட்டேன். வருடாவருடம் எத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவதைவிட, 5 என்று நிலையாக இருந்தால் தங்களுக்கு வரவு நிச்சயம், எங்களுக்குச் செலவு நிச்சயம். அந்த முதல் ஜூன் உயர்வை 107.50-இன் மேலேயே கணக்கிடவும் சம்மதம்.

வாடகையோடு முடிச்சுப் போடாமல் தனியாக ஒரு வேண்டுகோள். பின் படுக்கையறைச் சுவரில் ஈரம் மறுபடியும் மேலேறியிருக்கிறது. பீரோவை ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம், அப்படியும் பின்பலகை உப்பிவிட்டது. விரலால் தொட்டால் சுண்ணாம்பு மாவு மாதிரி உதிர்கிறது. மேலே குளியலறைக் குழாய் போகும் இடத்துக்கு நேர் கீழேதான் இது இருப்பதால், பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு பிளம்பரை வைத்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். வாடகை விஷயத்தில் தாங்கள் என்ன முடிவு எடுத்தாலும் இதைப் பார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும். சுவர் தங்களுடையது, பீரோ எங்களுடையது, இரண்டும் வீணாகிறது.

மே 4, ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நாங்கள் இருவரும் வீட்டில் இருப்போம். தாங்கள் வந்தால் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நேரில் பேசி முடித்துவிடலாம், சுவரையும் பார்த்துவிடலாம். படியேறுவது சிரமம் என்றால் சொல்லுங்கள், நாங்களே கீழே வருகிறோம். மேலே சொன்னது சரி என்று பட்டால், இந்தக் கடிதத்தின் நகலில் "சம்மதம்" என்று எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தாலும் போதும். நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

அதற்குள் பேச வாய்க்காமல் போனாலும் வாடகை நிற்காது. மே மாதத்துக்கு 110, ஜூன் மாதத்துக்கு 115 வழக்கம்போல் 5-ஆம் தேதிக்குள் தங்கள் கணக்குக்கு வந்துவிடும். ஜூனில் 115 போட்டதால் பேச்சு முடிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். ரசீதில் வாடகை, பராமரிப்பு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதித் தந்தால் நல்லது.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதல் மாடி வீட்டில் குடியிருப்பவர்

இணைப்பு: ஒப்பந்தத்தின் 3, 4, 7-ஆம் ஷரத்துகள் உள்ள பக்கங்களின் ஜெராக்ஸ், இக்கடிதத்தின் நகல் ஒன்று.