புவித்தட்டுகள், நிலநடுக்கம், எரிமலை: உலக வரைபடத்துடன் குறுவினாத் தொகுப்பு

வகுப்பு: 9, சமூக அறிவியல் (புவியியல்)
நேரம்: 60 நிமிடம். மொத்த மதிப்பெண்கள்: 30

மாணவர் கவனத்திற்கு: வினாத்தாளுடன் இணைக்கப்பட்டுள்ள உலக வரைபடத்தில் புவித்தட்டுகளின் எல்லைகள் மூன்று வகைக் கோடுகளால் காட்டப்பட்டுள்ளன. இரட்டைக் கோடு விலகும் எல்லையையும், முக்கோணப் பற்கள் கொண்ட கோடு குவியும் எல்லையையும், எதிரெதிர் அம்புகள் இட்ட ஒற்றைக் கோடு பக்கநகர்வு எல்லையையும் குறிக்கும். ஒன்பது இடங்கள் எழுத்துகளால் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் தோராயமான அமைவிடங்கள்:

அ – 65° வடக்கு, 17° மேற்கு
ஆ – 36° வடக்கு, 120° மேற்கு
இ – 38° தெற்கு, 73° மேற்கு
ஈ – 28° வடக்கு, 85° கிழக்கு
உ – 3° வடக்கு, 96° கிழக்கு
ஊ – 19° வடக்கு, 155° மேற்கு
எ – 3° தெற்கு, 36° கிழக்கு
ஏ – 38° வடக்கு, 142° கிழக்கு
ஐ – 23° வடக்கு, 70° கிழக்கு

ஒவ்வொரு விடையையும் இரண்டு முதல் ஐந்து முழு வாக்கியங்களில் எழுதுக. இடத்தின் பெயரை மட்டும் எழுதிக் காரணத்தை விட்டுவிட்டால் பாதி மதிப்பெண்ணே வழங்கப்படும்.

1. அ, எ ஆகிய இரண்டு இடங்களிலும் எல்லை ஒரே வகையைச் சேர்ந்தது. அது எவ்வகை? ஒன்று கடலிலும் மற்றொன்று கண்டத்திலும் அமைந்திருப்பதால் நிலத்தோற்றத்தில் ஏற்படும் வேறுபாட்டை எழுதுக. (2)

2. ஆல்ஃபிரட் வெஜெனர் 1912இல் கண்ட நகர்வுக் கருத்தை முன்வைத்தபோது காட்டிய சான்றுகளில் இரண்டைக் கூறி, அவர் காலத்து அறிஞர்கள் பலர் அதை ஏற்கத் தயங்கியதற்கான முக்கியக் காரணத்தை விளக்குக. (2)

3. கண்டங்களில் 400 கோடி ஆண்டுகள் பழமையான பாறைகள் கிடைத்திருக்கையில், இன்றைய பெருங்கடல்களின் அடித்தளப் பாறைகளில் பெரும்பாலானவை 20 கோடி ஆண்டுகளுக்கும் குறைந்த வயதுடையவையாக இருப்பது ஏன்? (3)

4. ஆ, இ, ஏ ஆகிய இடங்களில் சந்திக்கும் தட்டுகளுள் எவ்விரு இடங்களுக்கு ஒரே தட்டு பொதுவானது என்பதை வரைபடத்தின் துணையுடன் கண்டறிந்து, அத்தட்டின் பெயரை எழுதுக. (2)

5. இ, ஈ ஆகிய இரண்டும் குவியும் எல்லைகளே. இரண்டிலும் பெரும் நிலநடுக்கங்கள் நிகழ்கின்றன. ஆயினும் இ அமைந்துள்ள மலைத்தொடரில் எரிமலைகள் வரிசையாக இருக்க, ஈயில் இல்லை. காரணம் தருக. (3)

6. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நகரைத் தகர்த்த நிலநடுக்கம், ஆ வழியே செல்லும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் நிகழ்ந்தது. அங்கு தட்டுகள் நகரும் முறையை விளக்கி, அந்நகர்வு ஏன் பாறைக்குழம்பை உருவாக்குவதில்லை எனக் கூறுக. (2)

7. ஊ எந்தத் தட்டு எல்லையிலும் இல்லை. அங்கு எரிமலை இருப்பதற்கான காரணத்தைக் கூறுக. அங்கிருந்து வடமேற்கே ஏறக்குறைய 500 கி.மீ. தொலைவிலுள்ள காவாய் தீவின் பாறைகள் சுமார் 50 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை எனில், தட்டு ஆண்டுக்கு எத்தனை செ.மீ. நகர்ந்திருக்கும்? (3)

8. ஒரு நிலநடுக்கத்தின் முதன்மை அலை நொடிக்கு 6 கி.மீ. வேகத்திலும் இரண்டாம் நிலை அலை நொடிக்கு 3.5 கி.மீ. வேகத்திலும் பரவுகின்றன. ஒரு நிலையத்தில் இரண்டுக்கும் இடையே 25 நொடி இடைவெளி பதிவானது. நிலநடுக்கம் நிகழ்ந்த இடத்தின் தொலைவைக் கணக்கிட்டு, மேல்மையத்தை உறுதிசெய்ய மூன்று நிலையங்கள் தேவைப்படுவது ஏன் எனவும் எழுதுக. (3)

9. 6 ரிக்டர், 8 ரிக்டர் எனச் செய்தித்தாள்களில் குறிப்பிடப்படும் இரு நிலநடுக்கங்களில், அதிர்வின் வீச்சும் வெளிப்படும் ஆற்றலும் எத்தனை மடங்கு வேறுபடும்? (2)

10. 2004 டிசம்பர் 26 அன்று உ அருகே ஏற்பட்ட நிலநடுக்கம் நாகப்பட்டினம் வரை உயிர்களைப் பறித்த ஆழிப்பேரலையை எழுப்பியது. ஆ போன்ற பக்கநகர்வு எல்லையில் அதே அளவு பேரலை எழும் வாய்ப்பு ஏன் குறைவு? (3)

11. கிலாவேயா எரிமலையில் லாவா பெரும்பாலும் வழிந்தோடுகிறது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோவோ வெடித்துச் சிதறியது. பாறைக்குழம்பின் பண்புகளைக் கொண்டு வேறுபாட்டை விளக்குக. (2)

12. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய பூஜ் நிலநடுக்கத்தின் மையமான ஐ, தட்டின் முதன்மை எல்லைக் கோட்டிலிருந்து தொலைவில் உள்ளது. தட்டின் உட்பகுதியிலும் இத்தகைய நிலநடுக்கம் ஏற்படக் காரணம் என்ன? (3)

மதிப்பிடுவோருக்கான விடைக்குறிப்பு

எளிய வினாக்களுக்கான விடைகள் சுருக்கமாகவும், மாணவர் தடுமாறும் இடங்கள் விரிவாகவும் தரப்பட்டுள்ளன.

வினா 1: விலகும் எல்லை. அயர்லாந்துக்கு வடமேற்கிலுள்ள ஐஸ்லாந்தில் நடு அட்லாண்டிக் முகடு கடல்மட்டத்துக்கு மேல் தெரிகிறது; கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டம் பிளந்து பள்ளத்தாக்கு உருவாகி வருகிறது.

வினா 2: கண்டக் கரைகளின் பொருத்தம், கடல் கடந்து ஒத்திருக்கும் புதைபடிவங்கள் போன்றவை ஏற்கத்தக்கவை. கண்டங்களை நகர்த்தும் விசையை அவரால் நிறைவாக விளக்க இயலவில்லை என்பதே மறுப்பின் மையம்.

வினா 3: முகட்டில் புதிய தளம் தோன்றுகிறது, அகழியில் பழைய தளம் கவசத்துக்குள் அமிழ்ந்து அழிகிறது, இவ்விரண்டு செயல்களையும் சேர்த்து எழுதினால் மட்டுமே முழு மதிப்பெண். கண்டப் பாறை எடை குறைந்ததால் எளிதில் அமிழ்வதில்லை என்பதையும் ஏற்கலாம்.

வினா 4: ஆ, ஏ, பசிபிக் தட்டு. இயில் அமிழ்வது நாஸ்கா தட்டு என்பதால் பலர் அங்கு ஏமாறுவார்கள்.

வினா 5: இத்தொகுப்பின் மிக முக்கியமான வினா இதுவே. இயில் அடர்த்தி மிகுந்த கடல்தட்டு தென்னமெரிக்கத் தட்டின் அடியில் அமிழ்கிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அதிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள கவசப் பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் பாறைக்குழம்பு உருவாகி மேலெழுகிறது. ஈயில், இந்தியத் தட்டின் கண்டப்பகுதியும் யூரேசியத் தட்டும் மோதுகின்றன. இரண்டும் எடை குறைந்தவை என்பதால் எதுவும் ஆழமாக அமிழாமல், மேலோடு மடிந்து தடித்து இமயமலையாக உயர்கிறது. "உராய்வு வெப்பத்தால் பாறை உருகுகிறது" என்னும் விடைக்கு மதிப்பெண் கிடையாது. 1960இல் சிலியிலும் (9.5) 2015இல் நேபாளத்திலும் (7.8) நிகழ்ந்த நிலநடுக்கங்களை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

வினா 6: தட்டுகள் ஒன்றையொன்று உரசிச் செல்கின்றன. அங்கு தட்டு அமிழ்வதும் இல்லை, இடைவெளி திறப்பதும் இல்லை.

வினா 7: ஊ ஹவாய் வெப்பப்புள்ளி. 500 கி.மீ. என்பது 5 கோடி செ.மீ.; அதை 50 இலட்சத்தால் வகுக்க ஆண்டுக்கு 10 செ.மீ. கிடைக்கும். அலகு மாற்றத்தில் தவறினாலும் முறை சரியெனில் ஒரு மதிப்பெண் வழங்குக.

வினா 8: தொலைவு 210 கி.மீ. (210 ÷ 3.5 = 60 நொடி; 210 ÷ 6 = 35 நொடி; வேறுபாடு 25 நொடி). ஒரு நிலையம் தொலைவை மட்டுமே தரும், திசையைத் தராது. ஆகவே மூன்று வட்டங்கள் வெட்டும் புள்ளியே மேல்மையம்.

வினா 9: வீச்சு 100 மடங்கு, ஆற்றல் ஏறத்தாழ 1000 மடங்கு. ஓர் அலகு உயர்வுக்கு ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடுகிறது. பெரும் நிலநடுக்கங்களுக்கு இன்று பயன்படுவது உந்துத்திறன் அளவுகோலே என எழுதும் மாணவரைப் பாராட்டலாம், மதிப்பெண் கூடாது.

வினா 10: உவில் மேல்தட்டின் விளிம்பு திடீரென மேலெழுந்து, தன்மேல் இருந்த கடல்நீர் முழுவதையும் உயர்த்தியது. பக்கநகர்வில் தட்டுகள் கிடையாகவே நகர்வதால் நீரைச் செங்குத்தாகத் தள்ளும் விசை குறைவு. அளவு (சுமார் 9.1) மட்டும் காரணமெனக் கூறினால் ஒரு மதிப்பெண்.

வினா 11: கிலாவேயாவின் குழம்பில் சிலிகா குறைவு, பாகுநிலையும் குறைவு; வாயுக்கள் எளிதில் வெளியேறும். பினடுபோவில் சிலிகா மிகுந்த, பாகுநிலை உயர்ந்த குழம்பில் வாயு அடைபட்டு அழுத்தம் பெருகியது.

வினா 12: வடக்கே யூரேசியத் தட்டுடன் மோதுவதால் இந்தியத் தட்டுக்குள் இறுக்கம் பரவுகிறது. கட்ச் பகுதியில் பழங்காலத்தில் நிலம் பிளந்தபோது உண்டான பிளவுகள் இவ்விறுக்கத்தால் மீண்டும் நகர்கின்றன. "எல்லையில் மட்டுமே நிலநடுக்கம் நிகழும்" எனத் தொடங்கும் விடையைத் தவறெனக் கொள்க. "பெரும்பாலும் எல்லையில்" என்பதே சரியான தொடர்.